கிளவுடில் முதல் எண்ணைப் பதிக்கும் முன்

அமேசான் கிளவுடில் ஒரு நிறுவனம் தனக்கென்று தனி நெட்வொர்க் அமைக்கும்போது, சர்வர் எதுவும் வருவதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இந்த நெட்வொர்க்குக்குள் எந்த முகவரிகள் இருக்கப்போகின்றன? நெட்வொர்க்கையும் அதன் உட்பிரிவுகளையும் சேர்த்து உருவாக்கும் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதில்லை. 10.0.0.0/16 என்று நிரப்பியே வருகிறது. மைக்ரோசாஃப்டின் அஷ்யூரிலும் பொதுவாக அதே எண்தான். பயிற்சிக் காணொளிகளிலும், அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய மாதிரி நிரல்களிலும் இதே எண்ணைத்தான் பார்க்கிறோம். அவசரத்தில் இருப்பவர் அதை மாற்ற மாட்டார். பொத்தானை அழுத்தினால் நெட்வொர்க் தயார். சர்வர்கள் ஓடும், வாடிக்கையாளர்கள் வருவார்கள், எந்தக் கோளாறும் தெரியாது.

கோளாறு தெரியவருவது ஓராண்டோ ஈராண்டோ கழித்து, அந்த நெட்வொர்க்கை இன்னொன்றோடு இணைக்க வேண்டிய நாளில். தலைமை அலுவலகத்தையோ தொழிற்சாலையையோ கிளவுடோடு சேர்க்க வேண்டும். அல்லது இரண்டு கிளவுட் நெட்வொர்க்குகளை 'பியரிங்' என்ற நேரடி இணைப்பால் சேர்க்க வேண்டும். அப்போது எதிர்ப்பக்கத்திலும் 10.0 என்று தொடங்கும் எண்கள் இருந்தால் இணைப்பு நடக்காது, அல்லது நடந்ததுபோல் தோன்றிப் பாதியில் நிற்கும். ஒரு நொடியில் ஏற்றுக்கொண்ட எண்ணை மாற்ற வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

எண்களைப் படிக்கும் முறையை முதலில் பார்த்துவிடுவோம். முகவரி நான்கு எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், முகவரியில் எவ்வளவு பகுதி மாறாமல் இருக்கும் என்று சொல்கிறது. /16 என்றால் முதல் இரண்டு எண்கள் மாறா. மற்ற இரண்டும் மாறலாம். ஆகவே 10.0.0.0/16 என்பது 10.0.0.0 முதல் 10.0.255.255 வரையுள்ள 65,536 முகவரிகள். /24 என்றால் முதல் மூன்று எண்கள் மாறா. கிடைப்பவை 256 முகவரிகள். சாய்கோட்டு எண் ஒன்று கூடினால் அளவு பாதியாகும், ஒன்று குறைந்தால் இரட்டிக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இணையத்தில் நேரடியாகத் தெரியும் பொது முகவரிகள் உலகம் முழுவதற்கும் ஒருமுறைதான் வழங்கப்படுகின்றன. அவை தீர்ந்துவிடும் என்ற கவலை 1990களின் தொடக்கத்திலேயே எழுந்தது. அதனால் 1994 மார்ச்சில் ஆர்எஃப்சி 1597 என்ற ஆவணம் சில முகவரித் தொகுதிகளைத் தனிப் பயன்பாட்டுக்கென ஒதுக்கச் சொன்னது. யாரையும் கேட்காமல், யார் வேண்டுமானாலும், தங்கள் சுவர்களுக்குள் அவற்றைப் பயன்படுத்தலாம். அதே ஆண்டு ஜூலையில் எலியட் லியர் உள்ளிட்ட நால்வர் ஆர்எஃப்சி 1627 மூலம் கடுமையாக எதிர்த்தார்கள். முகவரி ஒருவருக்கே உரியதாக இல்லாமல் போனால், பிற்காலத்தில் ஒன்றோடொன்று இணைய விரும்பும் நிறுவனங்கள் எண்களை மாற்றித் திண்டாடும் என்று எச்சரித்தார்கள். 1996 பிப்ரவரியில் இறுதி வடிவமாக ஆர்எஃப்சி 1918 வந்தபோது அதன் ஆசிரியர் ஐவரில் லியரும் ஒருவர். இன்றுவரை நாம் பயன்படுத்துவது அந்த ஆவணம் ஒதுக்கிய மூன்று தொகுதிகளைத்தான்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. முதலாவதில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள், இரண்டாவதில் 10 லட்சத்துக்குச் சற்று அதிகம், மூன்றாவதில் 65,536. அந்தப் பெரிய 10 தொகுதி முன்பு இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்கு உரியது. 1990இல் அது மூடப்பட்டதால் காலியாக இருந்தது.

எல்லா ஊரிலும் ஒரு காந்தி தெரு உண்டு, அதில் 12ஆம் எண் வீடும் உண்டு. கடிதம் ஊருக்குள்ளேயே சுற்றும்வரை குழப்பமில்லை. இரண்டு ஊர்களை ஒரே நகராட்சியாக்கி, ஒரே தபால்காரரையும் போட்டால்தான் சிக்கல். ஆர்எஃப்சி 1918 எழுதியவர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். தனி முகவரிகளைப் பயன்படுத்தும் நிறுவனம் அந்தத் தொகுதிக்குள் தன் பங்கைக் குருட்டுவாக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும், அப்போதுதான் பின்னாளில் மோதும் வாய்ப்பு குறையும் என்று அந்த ஆவணத்திலேயே அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். இதை அநேகமாக யாரும் பின்பற்றுவதில்லை. எல்லோரும் 10.0இலிருந்தும் 192.168.1இலிருந்தும் தொடங்குகிறார்கள்.

மோதல் எப்படி நடக்கிறது என்பதை ஒரு கற்பனை நிறுவனத்தைக் கொண்டு பார்ப்போம். மோட்டார் பம்பு தயாரிக்கும் நிறுவனம் அது. சென்னையில் தலைமை அலுவலகம். ரவுட்டர் கடையிலிருந்து வந்தபோது இருந்த 192.168.1.0/24 அப்படியே இருக்கிறது. கோவையில் தொழிற்சாலை, எந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினிகளுக்கும் பில் போடும் கணினிகளுக்கும் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ 10.0.5.0/24 என்று கொடுத்திருக்கிறார்கள். இணைய விற்பனைக்காக அமேசானின் மும்பை மையத்தில் விபிசி எனப்படும் தனி நெட்வொர்க் ஒன்றை உருவாக்கினார்கள். படிவத்தில் வந்த 10.0.0.0/16ஐ யாரும் மாற்றவில்லை. தரவுத்தளம் 10.0.32.10 என்ற முகவரியில் இருக்கிறது.

இப்போது கோவையில் பில் போடும் கணினி, மும்பையிலுள்ள தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேச வேண்டும். தொழிற்சாலை ரவுட்டருக்கும் விபிசிக்கும் இடையே விபிஎன் சுரங்கம் போடுகிறார்கள். அமேசானின் திரையில் சுரங்கத்தின் நிலை UP என்று பச்சையில் காட்டுகிறது. பில் கணினியில் மட்டும் இணைப்பு நேரம் கடந்து அறுந்துபோகிறது.

என்ன நடந்தது என்று பாக்கெட்டின் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். பில் கணினியின் முகவரி 10.0.5.20. அது 10.0.32.10க்கு ஒரு வேண்டுகோள் அனுப்புகிறது. தொழிற்சாலை ரவுட்டருக்குத் தன் பக்கத்தில் இருப்பது 10.0.5.0/24 மட்டுமே என்று தெரியும். 10.0.0.0/16இல் மற்றதெல்லாம் சுரங்கத்துக்குள் போக வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதால் பாக்கெட்டைச் சரியாகவே அனுப்புகிறது. பாக்கெட் மும்பை வந்து சேர்கிறது, தரவுத்தளம் அதைப் பெறுகிறது, 10.0.5.20க்குப் பதிலும் எழுதுகிறது. இங்கேதான் பிசகு. விபிசியின் வழி அட்டவணையில் முதல் வரி 10.0.0.0/16 இந்த நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கிறது என்கிறது. திரையில் அது local என்று தெரியும். 10.0.5.20 அந்த வரம்புக்குள் வருவதால் பதில் வெளியே போவதில்லை. உள்ளேயே அப்படியொரு கணினியைத் தேடிக் கிடைக்காமல் மறைந்துபோகிறது.

நெட்வொர்க் தெரிந்தவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். வழி அட்டவணையில் இரண்டு வரிகள் பொருந்தினால் குறுகிய வரம்பு உள்ள வரியே வெல்லும் என்பது பொது விதி அல்லவா? 10.0.5.0/24 சுரங்கத்துக்கு என்று ஒரு வரி வந்துவிட்டால் அது /16ஐ வெல்லாதா? அமேசானில் வெல்லாது. விபிஎன் வழியாகத் தானாக வந்து சேரும் வழிகள் எவ்வளவு குறுகியவையாக இருந்தாலும், விபிசியின் local வரிக்கே முதலிடம் என்று அவர்களின் ஆவணம் தெளிவாகச் சொல்கிறது.

இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. சுரங்கத்தின் இரண்டு அளவீடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: TunnelDataIn, TunnelDataOut. கோவையிலிருந்து முயலும்போதெல்லாம் முதலாவது ஏறுகிறது, இரண்டாவது அசையவே இல்லை என்றால், வேண்டுகோள் வருகிறது, பதில் திரும்பிப் போகவில்லை என்று பொருள். ஃபயர்வாலையும் கடவுச்சொல்லையும் குடைவதற்கு முன் இரு பக்கத்து முகவரி வரம்புகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

பியரிங்கில் இவ்வளவு சுற்றில்லை. இரண்டு விபிசிகளின் வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அமேசான் இணைப்பையே மறுத்துவிடுகிறது. ஒரு விபிசிக்கு இரண்டு மூன்று வரம்புகள் இருந்து, அவற்றில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கத்தோடு மோதினாலும் மறுப்புதான். மோதாத பகுதியை மட்டும் பயன்படுத்திக்கொள்கிறோம் என்ற பேச்சு எடுபடாது. கண்முன்னே வரும் இந்த மறுப்பு, அரைகுறையாக வேலை செய்யும் சுரங்கத்தைவிட எவ்வளவோ மேல் என்பேன்.

சரி, பம்பு நிறுவனம் இப்போது என்ன செய்யலாம்? தொழிற்சாலைப் பக்கத்து எண்களை மாற்றலாம். ஆனால் எந்திரங்களுக்குள் முகவரி நிலையாகப் பதிந்திருக்கிறது. மாற்ற வேண்டுமானால் உற்பத்தி நிற்க வேண்டும். "பில் கம்ப்யூட்டரை மாத்திக்கோங்க சார், மெஷினைத் தொட விடமாட்டேன்" என்று அங்குள்ள பராமரிப்புப் பொறுப்பாளர் சொன்னால் அதில் முழு நியாயம் உண்டு. விபிசியின் எண்ணை மாற்றலாம் என்றால், அதன் முதல் வரம்பை உருவாக்கியபின் மாற்றவே முடியாது. கூடுதல் வரம்புகளைச் சேர்க்கலாம். ஆனால் பழையது இருக்கும்வரை மோதலும் இருக்கும்.

இன்னொரு வழி, தொழிற்சாலை ரவுட்டரில் முகவரி மாற்றம் செய்வது. வெளியே போகும்போது 10.0.5.20ஐ 10.86.200.20 என்று மாற்றி அனுப்பி, திரும்பி வரும்போது பழையபடி ஆக்குவது. மோதாத ஒரு /24ஐ எடுத்து ஒன்றுக்கொன்று என்று பொருத்திவிட்டால் இது வேலை செய்யும். ஆனால் தரவுத்தளத்தின் பதிவேட்டில் இருக்கும் முகவரி தொழிற்சாலையில் எந்தக் கணினியிலும் எழுதியிருக்காது. கோளாறு வரும் ஒவ்வொரு முறையும், புதிதாக வரும் ஒவ்வொரு பொறியாளரும் இரண்டு எண்களையும் பொருத்திப் பார்த்தே தீர வேண்டும். சில வாரங்களுக்கு இது சரி. நிரந்தரமாக இப்படியே விட்டால் யாரும் கை வைக்க அஞ்சும் அமைப்பாகிவிடும்.

நேரான வழி புதிய விபிசி ஒன்றை நல்ல எண்ணில் உருவாக்கிக் குடிபெயர்வதுதான். பழையதும் புதியதும் மோதாது என்பதால் இடைக்காலத்தில் இரண்டையும் பியரிங்கால் இணைத்து, தரவுத்தளத்தின் நகலைப் புதிய இடத்தில் ஓடவிட்டு, ஓர் இரவில் மாற்றிக்கொள்ளலாம். செய்யக்கூடிய வேலைதான். ஆனால் லோட் பேலன்சர்களைப் புதிதாக அமைக்க வேண்டும். முகவரிகளைப் பெயர் சொல்லி எழுதிய பாதுகாப்பு விதிகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். மென்பொருளுக்குள் யாரோ நேரடியாக எழுதிவிட்ட 10.0.32.10 போன்ற எண்களைத் தேட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எப்போதும் நாட்களை விழுங்கும்.

அந்தப் புதிய எண்ணை எப்படித் தேர்வது? முதலில், ஏற்கெனவே கூட்டம் நெரியும் இடங்களை விலக்க வேண்டும். 192.168.0 தொடங்கி முதல் சில தொகுதிகள் வீட்டு ரவுட்டர்களுக்கே போய்விட்டன. இது அலுவலகத்தையும் பாதிக்கும். சென்னை அலுவலகத்தின் கோப்பு சர்வர் 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து விபிஎன் போட்டு வேலை செய்பவரின் வீட்டு நெட்வொர்க்கும் 192.168.1.0/24 என்றால், அவருடைய மடிக்கணினி அந்த எண்ணைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் திறக்கும் கோப்பு வீட்டு வைஃபையில் திறக்கவில்லை என்ற புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

172.16 தொகுதியும் அவ்வளவு காலியாக இல்லை. அமேசான் ஒவ்வொரு மையத்திலும் தானாகக் கொடுக்கும் விபிசி 172.31.0.0/16, மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதே எண் என்பதால் அந்த இரண்டையும் ஒன்றோடொன்று இணைக்கவே முடியாது. கண்டெய்னர்களை இயக்கும் டாக்கர் மென்பொருள் தன் உள் நெட்வொர்க்குக்கு 172.17.0.0/16ஐ எடுத்துக்கொள்கிறது, கூடுதல் தேவைக்கு 172.18 என்று மேலே ஏறுகிறது. அலுவலகத்துக்கு 172.17 கொடுத்திருந்தால், டாக்கர் ஓடும் சர்வர்கள் மட்டும் அலுவலகத்துக்குப் பதில் சொல்லாமல் போகும்.

எஞ்சுவது 10 தொகுதி. அதிலும் 10.0, 10.1, 10.10 போன்றவை எல்லோருக்கும் முதலில் தோன்றும் எண்கள். மேல்பாதியான 10.128.0.0/9ஐ கூகுள் கிளவுட், தானியங்கி முறையில் அமைக்கும் நெட்வொர்க்குகளுக்கு எடுத்துக்கொள்கிறது; அப்படி அமைந்த இரண்டை ஒன்றோடொன்று பியரிங் செய்ய முடியாது. நாளை வாங்கப்போகும் நிறுவனமோ கூட்டாளியோ கூகுளில் இருக்கலாம் என்பதால் அந்தப் பாதியைத் தவிர்ப்பது நல்லது. கீழே முதல் பதினாறையும் மேலே பாதியையும் விட்டுவிட்டால் 10.16 முதல் 10.127 வரை கிடைக்கிறது. அதை /14 அளவுத் துண்டுகளாக வெட்டினால் 28 துண்டுகள். சீட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இதேபோல் குலுக்கிய இன்னொரு நிறுவனமும் அதே துண்டை எடுத்திருக்க 28இல் ஒரு வாய்ப்பு. 10.0இலிருந்து தொடங்கும் இரண்டு நிறுவனங்கள் மோதுவதோ கிட்டத்தட்ட நிச்சயம்.

நம் பம்பு நிறுவனத்துக்கு 10.84.0.0/14 வந்தது என்று கொள்வோம். 10.84இலிருந்து 10.87 முடிய நான்கு /16கள், மொத்தம் 2,62,144 முகவரிகள். இவ்வளவு தேவையா என்று கேட்கத் தோன்றும். தனி முகவரிக்குக் காசில்லை. தாளில் எழுதி வைத்த காலியிடத்துக்கும் காசில்லை. ஆகவே தாராளமாக எடுத்து, சிறிது சிறிதாகத் திறக்கலாம். 10.84 மும்பை மையத்துக்கு. 10.85 என்றாவது மாற்று மையமாக ஹைதராபாத் வந்தால் அதற்கு. 10.86 அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும். 10.87 யாருக்கும் இல்லை.

மும்பைக்கான 10.84.0.0/16 முழுவதையும் ஒரே விபிசிக்குக் கொடுத்துவிடக் கூடாது. அமேசானில் ஒரு வரம்பின் அளவு /16 முதல் /28 வரை இருக்கலாம். பெரியது அனுமதிக்கப்படுகிறது என்பதாலேயே பலரும் /16 எடுத்துவிடுகிறார்கள். நாம் /20 துண்டுகளாக வெட்டுவோம். ஒவ்வொன்றிலும் 4,096 முகவரிகள். வாடிக்கையாளர்கள் தொடும் நிஜ அமைப்புக்கு 10.84.0.0/20. அடுத்த துண்டான 10.84.16.0/20 காலியாக நிற்கும். சோதனை அமைப்புக்கு 10.84.32.0/20, அதற்கடுத்ததும் காலி. மென்பொருள் எழுதுவோருக்கு 10.84.64.0/20. இடையில் விட்ட காலித் துண்டுகள் வீணல்ல. நிஜ அமைப்பு நிரம்பினால் பக்கத்திலிருக்கும் 10.84.16.0/20ஐக் கூடுதல் வரம்பாகச் சேர்க்கலாம். இரண்டும் சேர்ந்து 10.84.0.0/19 என்று ஒரே வரியில் அடங்கிவிடும். தொழிற்சாலை ரவுட்டரில் மும்பை என்பது எப்போதும் 10.84.0.0/16 என்ற ஒற்றை வரிதான். உள்ளே எத்தனை விபிசி வந்தாலும் கோவைக்குப் போய் யாரும் ரவுட்டரைத் திறக்க வேண்டியதில்லை.

ஒரு /20க்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் கணக்கு கைக்கு வந்துவிடும். மும்பை மையத்தில் ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்கும்படி மூன்று தனித்தனி மண்டலங்கள் உள்ளன. /20ஐ நான்கு /22களாக வெட்டி, மண்டலத்துக்கு ஒன்று கொடுத்து, நான்காவதைக் கையிருப்பாக வைக்கலாம். ஒவ்வொரு /22க்குள்ளும் பயன்பாட்டு சர்வர்களுக்கு ஒரு /23, தரவுத்தளத்துக்கு ஒரு /24, வெளியுலகைப் பார்க்கும் லோட் பேலன்சர்களுக்கு ஒரு /24. இந்த உட்பிரிவுகளுக்கு சப்நெட் என்று பெயர். ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் நான்கு முகவரிகளையும் கடைசி ஒன்றையும் அமேசான் தனக்கு வைத்துக்கொள்கிறது. எனவே /24இல் 256 அல்ல, 251தான் நமக்கு. பெரிய சப்நெட்டில் இது உறைக்காது. 16 முகவரி கொண்ட /28இல் 11 மட்டுமே மிஞ்சும்.

முகவரிகள் எதிர்பாராத வேகத்தில் தீரும் இடம் ஒன்று உண்டு: குபர்நெட்டீஸ். கண்டெய்னர்களைத் தொகுத்து ஓட்டும் இந்த அமைப்பில் 'பாட்' என்பது மிகச் சிறிய அலகு. அமேசானின் குபர்நெட்டீஸ் சேவை வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு பாடுக்கும் விபிசியிலிருந்தே ஒரு முகவரியை எடுத்துக் கொடுக்கிறது. சர்வருக்கு ஒன்று என்று போட்ட கணக்கு பாடுக்கு ஒன்று என்று மாறிவிடும். சர்வருக்கு 30 பாடுகள் ஓடினால் எட்டு சர்வர்களிலேயே ஒரு /24 காலியாகிவிடும். அப்போது புதிய பாட் ContainerCreating நிலையிலேயே நின்று, failed to assign an IP address to container என்ற செய்தி வரும். கூகுளில் வேறு கணக்கு: ஒரு சர்வருக்கு 110 பாடுகள் என்ற வழக்கமான அமைப்பில், ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு முழு /24 முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. 16 சர்வர்களுக்கே ஒரு /20 போய்விடும்.

இதற்குப் பலரும் நாடும் இடம் 100.64.0.0/10. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012இல் ஆர்எஃப்சி 6598 ஒதுக்கிய தொகுதி இது. அதை விபிசியின் கூடுதல் வரம்பாகச் சேர்த்து பாடுகளை அதில் வைத்தால் 10 தொகுதி மிச்சமாகும். பாடுகள் வெளியே யாரோடும் நேரடியாகப் பேசப்போவதில்லை, எனவே எல்லா விபிசியிலும் அதே 100.64 எண்ணைப் போடலாம் என்று சிலர் முடிவெடுக்கிறார்கள். பியரிங்கின் விதி இங்கே வந்து தடுக்கிறது. ஒரு வரம்பு மோதினாலும் மறுப்பு என்றேன் அல்லவா, இந்தக் கூடுதல் வரம்பும் அந்தக் கணக்கில் சேரும். பியரிங் செய்ய நினைக்கும் விபிசிகளுக்கு 100.64க்குள்ளும் தனித்தனித் துண்டுகள் கொடுத்தே ஆக வேண்டும்.

ஐபிவி6க்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லையே என்றால், ஆம், கிளவுடுக்குள் அது உண்மை. அமேசான் கொடுக்கும் ஐபிவி6 வரம்பு உலகில் வேறு யாருக்கும் இல்லாதது. கோவையில் ஓடும் பழைய எந்திரங்களுக்கு ஐபிவி6 தெரியாது என்பதால் நம் நிறுவனத்துக்கு அது இன்றைய விடை அல்ல.

திட்டம் தாளில் இருந்தால் போதாது, மீறப்படாமலும் இருக்க வேண்டும். எல்லா வரம்புகளும் ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும். அது விரிதாளாக இருக்கலாம், நெட்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளாக இருக்கலாம், 2021இல் அமேசான் கொண்டுவந்த ஐபாம் சேவையாகவும் இருக்கலாம். விபிசி பிறந்தபின் பதிவேட்டில் எழுதும் வழக்கம் ஆறு மாதத்தில் நின்றுபோகும். பதிவேட்டில் வரி இருந்தால்தான் விபிசி உருவாகும் என்று வேலையின் வரிசையையே மாற்றிவிட வேண்டும். மோதலைப் பார்க்கத் தனி மென்பொருள்கூடத் தேவையில்லை. பைதானில் சில வரிகள் போதும்.

```python
import ipaddress as ip
used = ["10.84.0.0/20", "10.84.32.0/20", "10.0.5.0/24"]
new = ip.ip_network("10.84.40.0/22")
for u in used:
    if new.overlaps(ip.ip_network(u)):
        print("மோதல்:", u)
```

10.84.40 என்ற எண் பட்டியலில் எங்கும் தெரியவில்லையே என்று கண் ஏமாறும். ஆனால் 10.84.32.0/20 என்பது 10.84.32இலிருந்து 10.84.47 வரை நீள்கிறது. நிரல் அதைப் பிடித்துவிடும். எல்லையில் சரியாக உட்காராத வரம்பை, உதாரணமாக 10.84.41.0/22ஐக் கொடுத்தால் பைதான் அதையும் பிழை என்று நிறுத்தும். நெட்வொர்க்கை உருவாக்கும் நிரல்கள் ஓடும் முன் இந்தச் சோதனை தானாக ஓடுமாறு வைத்துவிடலாம். பட்டியலில் கோவையின் 10.0.5.0/24ம் இருப்பதைக் கவனியுங்கள். கிளவுடுக்கு வெளியே இருப்பவற்றையும், கூட்டாளிகள் தங்கள் பக்கத்தில் பயன்படுத்துவதாகச் சொன்னவற்றையும் சேர்க்காத பதிவேட்டால் பாதிப் பயனே கிடைக்கும்.

இவ்வளவு செய்தபின்னும் எதிர்ப்பக்கம் நம் கையில் இல்லை. பம்பு நிறுவனம் சேலத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய மும்பை விபிசி, எதிர்பார்த்தபடியே, 10.0.0.0/16. நம் விபிசி 10.84.0.0/20 என்பதால் பியரிங் உடனே கிடைத்துவிடும். ஆனால் நம் தொழிற்சாலை 10.0.5.0/24, அது அவர்களின் வரம்புக்குள் விழுகிறது. இங்கே மோதுவது நம் விபிசியின் சொந்த வரம்போடு அல்ல என்பதால், குறுகியது வெல்லும் என்ற பொது விதி இப்போது நமக்கு உதவும். நம் வழி அட்டவணையில் 10.0.0.0/16 பியரிங்குக்கு, 10.0.5.0/24 விபிஎன் சுரங்கத்துக்கு என்று இரண்டு வரிகள் எழுதினால் 10.0.5 மட்டும் கோவைக்கும் மற்றவை சேலத்தாரின் விபிசிக்கும் போகும். அவர்கள் 10.0.5க்குள் எந்த சர்வரும் வைத்திருக்கக் கூடாது. இனி அங்கே சப்நெட் உருவாக்கவும் கூடாது. அவர்களின் விபிசியிலிருந்து கோவைத் தொழிற்சாலைக்கு இந்த வழியாகப் போகவும் முடியாது. பியரிங் இரண்டு விபிசிகளுக்கு இடையில்தான், மூன்றாவது இடத்துக்கு அது பாலம் ஆகாது. அந்தத் தேவை வரும் நாளில் சேலத்தாரின் சர்வர்களைக் காலியாக விட்டுவைத்த 10.84.80.0/20க்குக் குடியேற்ற வேண்டும். அதுவரை பதிவேட்டில் 10.0.5.0/24க்கு எதிரே "சேலம் விபிசியிலும் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு குறிப்பும், இந்தத் தற்காலிக ஏற்பாடு எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்பதும் இருக்கட்டும்.